போத்தலின் பின்பக்கத்தை வாசிப்பது: ஷாம்பு, கண்டிஷனரில் சல்பேட்டும் சிலிக்கோனும்

கொழும்பில் எந்தச் சுப்பர்மார்க்கெட்டின் ஷாம்பு வரிசைக்கு முன்னால் நின்றாலும், 'சல்பேட் அற்றது', 'சிலிக்கோன் அற்றது' என்ற வாசகங்கள் போத்தலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இவ்விரண்டும் தலைக்குத் தீங்கானவை, இல்லாத போத்தலை எடுத்தால் போதும் என்ற எண்ணத்துடனேயே பலர் வாங்கிச் செல்கிறார்கள். ஆனால் சல்பேட் கழுவும் பொருள், சிலிக்கோன் பூசும் பொருள். முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதைத் தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பதை முன்பக்கம் சொல்வதில்லை. எண்ணெய் வைத்து முழுகும் வழக்கம் உள்ள நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு இன்னும் கூடுதலான இடம் உண்டு. ஆகவே, பின்பக்கத்துப் பட்டியலை வாசித்து, கழுவுவதையும் பூசுவதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முறையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: பட்டியலில் எதுவரை வாசிக்க வேண்டும்

மூலப்பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்படுகின்றன. அதிகமாக உள்ளது முதலில் வரும். எனவே ஏறக்குறைய எல்லாப் போத்தல்களிலும் முதற்பெயர் தண்ணீர்தான். ஆனால் ஒரு வீதத்திற்கும் குறைவான பொருட்களை உற்பத்தியாளர் தாம் விரும்பிய வரிசையில் எழுதலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அந்த ஒரு வீதக் கோடு எங்கே விழுகிறது என்று பட்டியல் நேரடியாகச் சொல்வதில்லை. அதை ஊகிக்க ஒரு வழி உண்டு. பீனொக்சி எதனோல் என்ற பாதுகாப்புப் பொருளை ஒரு வீதத்திற்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. வாசனைப் பொருளும் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே இருக்கும். ஆகையால் இவ்விரண்டில் ஒன்றைக் கண்ட இடத்துக்குப் பிறகு வருபவை மிகச் சிறிய அளவில் உள்ளவை என்று கொள்ளலாம். முன்பக்கத்தில் படம் போட்டுக் காட்டிய கற்றாழையும் ஆர்கன் எண்ணெயும் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் குடியிருக்கின்றன.

இறக்குமதியான போத்தல்களில் விலைச்சீட்டைச் சரியாகப் பட்டியலின் மேலேயே ஒட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. அப்படியிருந்தால் அதே வரிசையில் பின்னாலுள்ள போத்தலை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: கழுவும் பொருளை இனங்காணுதல்

ஷாம்புவில் தண்ணீருக்கு அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று பெயர்கள்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன. இவை ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் நீரையும் பற்றிக்கொள்ளும் பொருட்கள். தலையிலுள்ள எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீருடன் போகச் செய்வது இவற்றின் வேலை.

சல்பேட் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு பொருளன்று. சோடியம் லோரைல் சல்பேட்டும் அமோனியம் லோரைல் சல்பேட்டும் வலுவானவை. சோடியம் லோரெத் சல்பேட் அவற்றின் சற்று மென்மையான உறவுக்காரர். இன்று கடைகளில் உள்ள சாதாரண ஷாம்புகளில் பெரும்பாலும் இதுவே இருக்கிறது. இதன் பின்னால் கோகமிடோபுரோபைல் பீட்டேன் என்ற பெயர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தால் அது நல்ல அறிகுறி. இந்த இரண்டும் சேரும்போது தோலை உறுத்தும் தன்மை, சல்பேட் தனியே இருக்கும்போது உள்ளதைவிடக் குறைகிறது. பெயரில் தென்னை மணக்கும் சோடியம் கோகோ சல்பேட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் அதிக பங்கு லோரைல் சல்பேட்தான்.

லோரைல் சல்பேட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே உறுத்தலை உண்டாக்கிப் பார்ப்பதற்கு இதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே அது பட்டையில் தடவப்பட்டு மணிக்கணக்கில் தோலில் ஒட்டியிருக்கிறது. குளியலறையில் ஓரிரு நிமிடத்தில் கழுவப்பட்டுவிடுகிறது. வறண்ட, புண்படும் தோல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. இது புற்றுநோயை உண்டாக்கும் என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்திக்கு ஆதாரம் இல்லை.

சல்பேட் அல்லாத கழுவும் பொருட்களும் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. டெசைல் குளுக்கோசைட், சோடியம் கோகோயில் ஐசெதியனேட், சோடியம் லோரோயில் சார்கோசினேட் ஆகியவை பொதுவாக மென்மையானவை. ஆனால் சோடியம் ஒலெஃபின் சல்ஃபோனேட் என்ற பெயரைப் பட்டியலின் இரண்டாம் இடத்தில் கண்டால், அந்தப் போத்தலின் முன்பக்கத்தில் 'சல்பேட் அற்றது' என்று எழுதியிருந்தாலும் அது சல்பேட்டைப் போலவே வலுவாகக் கழுவக்கூடியது. எழுதியிருப்பது பொய்யன்று, மென்மையான ஷாம்பு என்று நாம்தான் அதைப் புரிந்துகொள்கிறோம்.

மூன்றாம் படி: பூசும் பொருளை இனங்காணுதல்

கண்டிஷனரின் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து சீட்டைல் அல்ககோல் அல்லது சீட்டேரைல் அல்ககோல் வரும். அல்ககோல் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இவை முடியை உலர்த்தும் திரவங்கள் அல்ல, மெழுகு போன்ற கொழுப்புப் பொருட்கள், கண்டிஷனருக்கு அதன் குழைவைத் தருபவை. அடுத்து பெஹென்ட்ரைமோனியம் குளோரைட், சீட்ரைமோனியம் குளோரைட் போன்ற நேர் மின்னேற்றம் கொண்ட பொருள் ஒன்று இருக்கும். நனைந்த முடியின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொண்டது. சாயம், ரீபொண்டிங், வெயில் ஆகியவற்றால் பழுதுபட்ட இடங்களில் அது இன்னும் கூடுதலாக இருக்கும். அதனால் இப்பொருள் எங்கே தேவையோ அங்கே அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. சிக்கு எடுக்க இலகுவாவதற்கு இதுவே முதற்காரணம், சிலிக்கோன் இல்லாவிட்டாலும்கூட.

பெஹென்ட்ரைமோனியம் மெதோசல்பேட் என்று ஒன்று உண்டு. பெயரில் சல்பேட் இருப்பதால் பலர் கண்டிஷனரையே கடையில் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அது கழுவும் பொருளே அன்று; மேலே சொன்ன ஒட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது, அதிலும் மென்மையானது.

சிலிக்கோன்களைப் பெயரின் முடிவைக் கொண்டு பிடிக்கலாம். 'கோன்', 'கோனோல்', 'சைலோக்சேன்' என்று முடிந்தால் அது பெரும்பாலும் சிலிக்கோன்தான். இவை முடியின் மீது மெல்லிய வழுக்கும் படலமாக அமர்ந்து, இழைகள் ஒன்றோடொன்று உரசுவதைக் குறைத்து, ஒளியைச் சீராகத் திருப்பிப் பளபளப்பைத் தருகின்றன. கொழும்பின் ஈரக்காற்றில் முடி பறந்து எழும்புவதை அடக்குவதற்கும் இவை உதவுகின்றன. தோலின் துவாரங்களை அடைத்து முடியை மூச்சுத் திணறச் செய்யும் என்று சொல்வது பொருத்தமற்றது. வெளியே தெரியும் முடி உயிரற்றது, அது மூச்சு விடுவதில்லை. முடியில் தேங்கிப் பாரமாவதுதான் உண்மையான சிக்கல், அதுவும் எல்லாச் சிலிக்கோன்களுக்கும் ஒரே அளவில் இல்லை.

டைமெதிகோனும் டைமெதிகோனோலும் நீரில் கரையாதவை. தேங்கும் வாய்ப்பு இவற்றுக்கே அதிகம். அமோடைமெதிகோன் பழுதுபட்ட இடங்களைத் தெரிந்து ஒட்டிக்கொள்வது. ஏற்கெனவே படலம் உள்ள இடத்தில் மேலும் மேலும் ஏறுவது குறைவு. சைக்ளோபென்டாசைலோக்சேன் ஆவியாகிப் போய்விடும். சீரத்தில் மற்றச் சிலிக்கோனைப் பரப்பிவிட்டு அது மறைகிறது. கழுவிவிடும் பொருட்களில் இதை 0.1 வீதத்துக்கு மேல் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் தடைசெய்திருப்பது நீர்நிலைகளில் தங்கிவிடுவதால்தான், முடிக்குக் கேடு என்பதால் அன்று. பெயருக்கு முன்னால் 'பெக்' என்றும் ஓர் எண்ணும் ஒட்டிய டைமெதிகோன்களில் பெரும்பாலானவை நீருடன் ஓரளவு கலப்பவை, எளிதில் போய்விடுபவை.

இங்கே பட்டியலின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். டைமெதிகோன் என்ற ஒரே பெயரில் நீர் போன்ற மெல்லிய வகையும் பசை போன்ற தடித்த வகையும் விற்கப்படுகின்றன. எந்த வகை, எத்தனை வீதம் என்பதைப் பட்டியல் காட்டாது. ஆகவே பட்டியலை வைத்துச் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. தீர்ப்பு தலையில்தான் கிடைக்கும்.

ஒரு தலையின் கதை

என் பெறாமகள் வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டியில் உள்ள அலுவலகத்துக்குப் போய் வருபவள். முதுகின் பாதி வரையுள்ள முடிக்கு ரீபொண்டிங் செய்தபோது, இனிச் சல்பேட் இல்லாத ஷாம்பு மட்டும் பாவிக்கும்படி சலூனில் சொல்லிவிட்டார்கள். ரீபொண்டிங் செய்த முடி ஏற்கெனவே நலிந்திருப்பதால் அந்த அறிவுரை பொதுவாகச் சரியானதே. ஆனால் வெள்ளி இரவு தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துச் சனி முழுகும் வழக்கத்தை அவள் விடவில்லை. சலூனில் அதைப் பற்றி எவரும் கேட்கவும் இல்லை.

இரண்டாம் மாதத்தில் முடி முழுகிய அன்று மதியமே உச்சியில் படிந்து ஒட்டத் தொடங்கியது. காய்வதற்கு வழமையைவிட அதிக நேரம் எடுத்தது. சீப்பின் பற்களிடையே சாம்பல் நிறத்தில் மெழுகு போன்ற அழுக்குச் சேர்ந்தது. நுனிகள் மட்டும் சிக்குப் பிடித்தன. "முடி காய்ஞ்சு போச்சு சித்தி" என்று சொல்லி அவள் சீரத்தைக் கூட்டினாள். நிலைமை மேலும் மோசமாயிற்று.

இந்தக் கடைசி விவரம்தான் திறவுகோல். உண்மையில் வறண்ட முடி, கண்டிஷனரும் சீரமும் போடப் போட ஒரு நாளாவது தேறும். பொருள் தேங்கிய முடி போடப் போடக் கெடும். அவள் பாவித்த ஷாம்பு, கண்டிஷனர், சீரம் என்ற மூன்று போத்தல்களையும் மேசையில் வைத்து வாசித்தோம். ஷாம்புவில் பீட்டேன், சார்கோசினேட், குளுக்கோசைட் என்று எல்லாமே மென்மையானவை. கண்டிஷனரில் நான்காவது பெயர் டைமெதிகோன். சீரத்தில் சைக்ளோபென்டாசைலோக்சேனும் டைமெதிகோனோலும் தவிர வேறு அதிகம் இல்லை. கரையாத சிலிக்கோன் இரண்டு வழியாக ஏறுகிறது, அதன்மேல் வாரந்தோறும் எண்ணெய். இறக்குவதற்கோ மென்மையான ஷாம்பு ஒன்றுதான்.

இதைச் சோதிக்க, சல்பேட் உள்ள ஷாம்புவால் ஒருமுறை நன்றாகக் கழுவிப் பார்க்கச் சொன்னேன். பக்கத்துக் கடையில் ஒரு சஷே வாங்கிக் கழுவினாள். ஒரு மாற்றமும் இல்லை. சஷேயின் பின்புறத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இரண்டாவது பெயர் சோடியம் லோரெத் சல்பேட்தான், ஆனால் சற்றுக் கீழே டைமெதிகோனோலும் குவார் ஹைட்ரொக்சிபுரோபைல்ட்ரைமோனியம் குளோரைட் என்ற நீண்ட பெயரும் இருந்தன. இந்த இரண்டாவது பொருள், நுரையை நீரூற்றி அலசும் தருணத்தில் பிரிந்து, சிலிக்கோனையும் இழுத்துக்கொண்டு முடியில் படியும்படி அமைக்கப்பட்டது. கண்டிஷனர் தேவையில்லாமலே மிருதுவாக்கும் ஷாம்புகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அன்றாடப் பாவனைக்கு அது குறையன்று. தேங்கியதை இறக்குவதற்கு மட்டும் அது உதவாது.

அடுத்ததாகக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஒரு ஷாம்புவைத் தெரிவு செய்தோம். கரையாத சிலிக்கோன் கலந்தால் ஷாம்பு பெரும்பாலும் பால் போலவோ முத்துப் போலவோ மங்கலாகிவிடும். ஆகவே தெளிவாக இருப்பது அது இல்லை என்பதற்கு ஓரளவு அடையாளம். மங்கலாக இருப்பதெல்லாம் சிலிக்கோன் உள்ளது என்று எதிர்ப்பக்கமாகச் சொல்ல முடியாது, மினுக்கத்துக்காகச் சேர்க்கும் வேறு பொருட்களும் உண்டு. எப்படியும் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கழுவிய முறை இதுதான். முடியை ஒரு நிமிடம் வரை நன்றாக நனைத்து, ஒரு தேக்கரண்டி ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீருடன் கலந்து, தலைத்தோலில் மட்டும் விரல் நுனிகளால் தேய்த்து அலச வேண்டும். முதல் தடவை நுரை அதிகம் வராது, ஏனெனில் எண்ணெய் நுரையை அடக்கிவிடும். நுரை வரவில்லையே என்று ஷாம்புவை அள்ளி அள்ளி ஊற்றக் கூடாது. இரண்டாம் தடவை அதே அளவு போட்டால் நுரை எழும்பும், எண்ணெய் பெரும்பாலும் போய்விட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அந்த நுரையை முடியின் நீளத்தில் இறக்கி, ஒரு நிமிடம் விட்டு அலச வேண்டும். பிறகு சிலிக்கோன் இல்லாத கண்டிஷனரை நுனிப் பகுதிக்கு மட்டும் பூச வேண்டும். வலுவாகக் கழுவிய பின் ரீபொண்டிங் செய்த முடியை எதுவும் பூசாமல் சீவினால் அது அறுந்துவிடும்.

அந்த ஒரு கழுவலிலேயே உச்சி எழும்பி, முடி வழமையான நேரத்தில் காய்ந்தது. ஆகவே தேக்கம்தான் காரணம் என்று உறுதியாயிற்று. அப்படிக் கழுவியும் சொரசொரப்பு கூடியதே தவிர வேறொன்றும் மாறவில்லை என்றால், முடியே பழுதுபட்டிருக்கிறது என்று கொண்டு, ஷாம்புவை மென்மையாக்கிக் கண்டிஷனரைக் கூட்டும் எதிர்வழியில் போயிருக்க வேண்டும்.

நான்காம் படி: இரண்டையும் பொருத்துதல்

அதன்பிறகு அவளுக்கு வகுத்த ஒழுங்கு எளியது. எண்ணெய் வைக்கும் சனிக்கிழமைக்கு லோரெத் சல்பேட்டும் பீட்டேனும் சேர்ந்த தெளிவான ஷாம்பு. வார நடுவில் எண்ணெய் இல்லாத கழுவலுக்குப் பழைய மென்மையான ஷாம்பு. கண்டிஷனரை அமோடைமெதிகோன் உள்ளதாக மாற்றி, காதுக்குக் கீழே மட்டும் பூசுவது. சீரம் இரண்டு துளி, நுனியில் மட்டும். இவற்றில் ஒன்றை மாற்றி இரண்டு மூன்று கழுவல் வரை பார்த்த பின்னரே அடுத்ததை மாற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

உங்கள் தலைக்குப் பொருத்தும்போது கேட்க வேண்டிய கேள்வி, வாரத்தில் முடியில் என்ன ஏறுகிறது, அதை இறக்கக்கூடியது எது என்பதுதான். எண்ணெயும் வைக்காமல் கரையாத சிலிக்கோனும் பூசாமல் இருப்பவருக்கு மென்மையான ஷாம்பு முற்றிலும் போதும். சிலிக்கோன் மட்டும் பூசி, எண்ணெய் வைக்காதவர் மென்மையான ஷாம்புவையே தொடரலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வலுவான கழுவல் ஒன்று இருந்தால் சரி. மென்மையான ஷாம்புகளும் சிலிக்கோனை ஓரளவு இறக்கவே செய்கின்றன, முழுமையாக இல்லை. எண்ணெய் வைத்து முழுகுபவர் சல்பேட்டை முற்றாகத் துறப்பதில் நான் பயன் காணவில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், எண்ணெய் வைத்த முடியைச் சல்பேட்டால் கழுவுவது நினைக்கும் அளவுக்குக் கொடுமையானதன்று. அரப்பு வைத்து முழுகிய காலத்திலும் எண்ணெய்க்கு ஈடாகக் கழுவும் பொருள் ஒன்று இருக்கத்தான் செய்தது.

யாழ்ப்பாணத்துக்குப் போய்வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் நுரை குறைகிறது, முடியும் முரடாகிறது. கொழும்பின் குழாய் நீர் ஆற்று நீர் என்பதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஊரில் நீண்ட நாள் தங்கிய பின் முடி கனத்தால், சிலிக்கோனைப் பழிக்குமுன் கல்சியப் படிவையும் நினைக்க வேண்டும். பட்டியலில் ஈடிடிஏ என்று முடியும் பெயர் உள்ள ஷாம்பு அதற்கு ஓரளவு உதவும்.

கடைசியாக, தலைத்தோலில் அரிப்பும் சிவப்பும் இருந்து, ஷாம்புவை மாற்றியும் அது போகவில்லை என்றால் சல்பேட்டையே துரத்திக்கொண்டிருக்க வேண்டாம். மெதைல்ஐசோதியசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருளும் வாசனைப் பொருளும் ஒவ்வாமைக்கு நன்கறியப்பட்ட காரணங்கள். பீட்டேன் கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இவை மென்மையான ஷாம்புகளிலும் இருக்கலாம். தோல் வைத்தியரிடம் போகும்போது, சீரம், முடிச்சாயம் உட்பட தலையில் படும் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனால், ஒட்டுச் சோதனையில் எதை வைத்துப் பார்ப்பது என்று அவர் தீர்மானிக்க அது போதும்.